நூற்றுக்கு ஒரு பங்கும் மாதம் 70 ஆயிரமும்

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. கொழும்பில் ஒரு பெரிய கம்பனியில் மாதம் 180,000 ரூபாய்க்கு வேலை வந்திருக்கிறது. இங்கே கிளிநொச்சியிலேயே எட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு ஸ்டார்ட்அப், 110,000 சம்பளமும் கம்பனியில் 1% பங்கும் தருகிறோம் என்கிறது. பங்கு நாலு வருடத்தில் முழுதாகக் கைக்கு வருமாம். அப்பா வயல் செய்கிறார். உழவு இயந்திர லீசிங் மாதம் 38,000, அதை நான்தான் கட்ட வேண்டும். எதற்குப் போவது? அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கோ.

பதில்:

தம்பி, அந்த 1% பங்கை நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள். மாதாமாதம் குறைவாக எடுக்கும் சம்பளம்தான் அந்தக் காசு. அதனால் எந்த வேலை நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தப் பங்கை இந்த விலைக்கு வாங்கலாமா என்று பார்க்க வேண்டும். நான் வவுனியாவில் இருந்துகொண்டு சிறிய கம்பனிகளுக்குச் செயலாளர் வேலை செய்கிறவன். பங்கு வழங்கும் கடதாசிகளைப் பதிவாளருக்கு அனுப்புவது என் அன்றாட வேலை. மென்பொருள் எனக்குத் தெரியாது, அந்தக் கம்பனியின் சாமான் விற்குமா விற்காதா என்று என்னால் சொல்ல முடியாது. கணக்கும் கடதாசியும் சொல்லலாம்.

முதலில் விலை. சம்பள வித்தியாசம் மாதம் 70,000. அதற்கு மேல், முதலாளி உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். 70,000இல் 15 வீதம் 10,500. ஆக 80,500. கொழும்புச் சம்பளத்தில் வருமான வரி போகும். இப்போது மாதம் 150,000 வரை வரி இல்லை, மிச்சம் 30,000க்கு 6 வீதம் 1,800. அதைக் கழித்தால் 78,700. ஆனால் கொழும்பில் போடிங் வாடகை, கடைச் சாப்பாடு, பஸ், மாதம் ஒருமுறையாவது ஊருக்கு வந்து போகும் செலவு இருக்கிறது. வீட்டில் இருந்து வேலைக்குப் போவதை விட 44,000 கூடச் செலவாகும் என்று வைக்கிறேன். உங்கள் எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். மிச்சம் கிட்டத்தட்ட 35,000.

சரி, இதுதான் உண்மையான வித்தியாசம், நீங்கள் பயந்த 70,000 இல்லை. வருடத்துக்கு 420,000, நாலு வருடத்துக்கு 1,680,000. பெரிய கம்பனியில் வருடாவருடம் சம்பளம் கூடும் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வரும், ஆனால் கணக்குக்கு இது போதும். நூற்றில் ஒரு பங்குக்கு 16 இலட்சத்து 80 ஆயிரம் கொடுக்கிறீர்கள் என்றால், முழுக் கம்பனியும் 16 கோடியே 80 இலட்சம் பெறும் என்று நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு கம்பனி இன்றைக்கு அவ்வளவு பெறுமா? அவர்களிடம் கேளுங்கள்: கடைசியாக யாராவது வெளியாள் காசு போட்டாரா, என்ன விலைக்குப் போட்டார்? 16 கோடிக்குக் கிட்டவோ மேலேயோ போட்டிருந்தால் உங்கள் விலை நியாயம். 5 கோடி மதிப்பில் போட்டிருந்தால், அவர் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீங்கள் கொடுக்கிறீர்கள். அப்போது 1% போதாது, 3% கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

அடுத்தது, இன்றைக்குச் சொல்லும் 1% விற்கும் நாளில் 1% ஆக இருக்காது. இதைப் பலர் ஏமாற்று என்று நினைக்கிறார்கள். ஏமாற்று இல்லை, வளரும் கம்பனி எல்லாவற்றிலும் நடப்பது. கம்பனியில் மொத்தம் 1,000,000 பங்கு, அதில் உங்களுக்கு 10,000 என்று வைப்போம். ஒருவர் 3 கோடி போட்டு 20 வீதம் எடுக்கிறார். அதற்காகக் கம்பனி புதிதாக 250,000 பங்கு வெளியிடுகிறது. உங்கள் 10,000 அப்படியே இருக்கிறது, ஆனால் மொத்தம் 1,250,000 ஆகிவிட்டது. நீங்கள் இப்போது 0.8 வீதம். இரண்டு வருடம் கழித்து இன்னொருவர் 7 கோடி போட்டு 20 வீதம் எடுத்தால் மொத்தம் 1,562,500, நீங்கள் 0.64 வீதம். காசு வந்ததால் கம்பனியின் பெறுமதியும் ஏறியிருக்கும், ஆகவே 0.64 என்பது நட்டம் என்று பொருளில்லை. நீங்கள் விட்டுக்கொடுத்த 1,680,000ஐத் திருப்பி எடுக்க இனிக் கம்பனி 26 கோடிக்கு மேல் விற்க வேண்டும் என்பதுதான் பொருள். அவர்கள் வீதத்தில் மட்டும் பேசினால் நீங்கள் பங்கு எண்ணிக்கையில் கேளுங்கள். மொத்தம் எத்தனை பங்கு, அதில் எனக்கு எத்தனை? பதில் சொல்லத் திணறினால், பங்கு பற்றி அவர்களே இன்னும் யோசிக்கவில்லை.

இன்னொரு இடத்தில் எண் இன்னும் வேகமாகச் சுருங்கும். காசு போடுகிறவர் பெரும்பாலும் முன்னுரிமையோடு போடுவார். கம்பனி விற்கும்போது அவர் போட்ட காசை முதலில் எடுத்துக்கொள்வார், அல்லது அது வேண்டாம் என்று சொல்லி மற்றவர்களைப் போலத் தன் வீதத்துக்குப் பங்கு எடுப்பார். எது கூடவோ அது. மேலே சொன்ன கம்பனி 30 கோடிக்கு விற்றால், இரண்டாவதாகக் காசு போட்டவரின் 20 வீதம் 6 கோடிதான். அது அவர் போட்ட 7 கோடியை விடக் குறைவு, அதனால் அந்த 7 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார். மிஞ்சும் 23 கோடியில் முதலாமவருக்கு 20 வீதம், 4 கோடியே 60 இலட்சம். அது அவர் போட்ட 3 கோடியை விடக் கூட, அதனால் அவர் வீதப்படி எடுப்பார். உங்களுக்கு அந்த 23 கோடியில் 0.8 வீதம், 18 இலட்சத்து 40 ஆயிரம். நாலு வருடம் விட்ட காசுக்குக் கொஞ்சம் மேலே. அதே கம்பனி 15 கோடிக்குத்தான் விற்றது என்றால், காசு போட்ட இருவரின் 36 வீதம் 5 கோடியே 40 இலட்சம் மட்டுமே. அதனால் அவர்கள் தங்கள் 10 கோடியை முதலில் தூக்கிவிடுவார்கள். மிஞ்சும் 5 கோடியைத்தான் மற்ற எல்லோரும் பிரிக்க வேண்டும். அதில் உங்களுக்கு 5 இலட்சம். கம்பனி 15 கோடிக்கு விற்றது என்று ஊரெல்லாம் பேசும், நீங்கள் 12 இலட்சம் நட்டத்தில் இருப்பீர்கள்.

அப்புறம், விற்றால்தான் இதெல்லாம். நம் ஊரில் ஒருவர் வயலைப் பங்குக்குச் செய்தால் காலபோக வெட்டு முடிந்ததும் தன் பங்கைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோவார். ஸ்டார்ட்அப் பங்குக்கு அப்படி வருடாந்த வெட்டு கிடையாது. இலாபம் வந்தாலும் அதைத் திரும்பக் கம்பனிக்குள்ளேயே போடுவார்கள், பங்குலாபம் பிரிக்க மாட்டார்கள். தனியார் கம்பனியின் பங்கைச் சந்தையில் விற்கவும் முடியாது. கம்பனியின் அமைப்பு விதிகளில், பணிப்பாளர் சபை சம்மதித்தால்தான் பங்கு கைமாறலாம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். நான் எழுதிக் கொடுக்கும் விதிகளிலும் அப்படித்தான் இருக்கும். யாராவது முழு வயலையும் வாங்க வரும் நாள் வரைக்கும் உங்கள் பங்கு கடதாசி.

அந்தக் கடதாசியாவது இருக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் கொழும்பில் ஒரு சின்னக் கம்பனியில் கணக்குப் பார்த்தேன். நூற்றுக்கு இரண்டு தருகிறோம் என்று மின்னஞ்சலில் எழுதித் தந்தார்கள். அச்செடுத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். மூன்று வருடம் கழித்து ஒரு வெளிநாட்டுக் கம்பனி அதை வாங்க வந்தது. வாங்க வந்தவர்களின் வழக்கறிஞர் பங்குதாரர் பதிவேட்டைக் கேட்டார். அதில் மூன்று பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் அது ஞாபகமே வரவில்லை. பதிவேட்டில் புதிதாக ஒரு பெயரை நுழைத்தால் விற்பனை தள்ளிப்போகும் என்று சொல்லி இரண்டு மாதச் சம்பளத்தை போனஸாகத் தந்து கைகுலுக்கினார். வழக்குப் போட்டிருக்கலாம். மின்னஞ்சல் ஆதாரம்தான். ஆனால் வழக்கறிஞர் செலவையும் வருடங்களையும் கணக்குப் பார்த்துவிட்டு வவுனியா பஸ் ஏறினேன்.

அதனால் இதைத் திட்டமாகச் சொல்கிறேன். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி பங்கு உங்களுடையது ஆவதற்கு ஒரு வழி இருக்கிறது. பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்துப் பங்கை வெளியிட வேண்டும். படிவம் 6 நிரப்பிக் கம்பனிகள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் பெயர் பங்குதாரர் பதிவேட்டில் ஏற வேண்டும். வருடாவருடம் அனுப்பும் படிவம் 15இலும் உங்கள் பெயர் வர வேண்டும். நாலு வருடத்தில் படிப்படியாக வரும் பங்கு என்றால் இன்றைக்கே பதிவேட்டில் பெயர் ஏறாது, அது இயல்பு. அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட, எந்தத் திகதியில் எத்தனை பங்கு என்று எழுதிய ஓர் உடன்படிக்கையும், அதற்கு ஒப்புதல் தந்த சபைத் தீர்மானத்தின் பிரதியும். வேலை நியமனக் கடிதத்தில் “1% பங்கும் வழங்கப்படும்” என்று ஒரு வரி மட்டும் இருந்தால், அது என் மின்னஞ்சல்தான்.

அந்த உடன்படிக்கையில் இரண்டு விஷயத்தை மட்டும் நின்று வாசியுங்கள். ஒன்று, நடுவில் விட்டுப் போனால் என்ன நடக்கும் என்பது. வழக்கமாக முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றும் இல்லை, அதன்பின் மாதக் கணக்கில் சேரும். ஒன்றரை வருடத்தில் விலகினால் 48 மாதத்தில் 18 மாதம், உங்கள் 10,000இல் 3,750 பங்கு. சில உடன்படிக்கைகளில், விலகினால் சேர்ந்த பங்கையும் கம்பனி சும்மா விலைக்குத் திருப்பி எடுக்கலாம் என்று ஒரு பந்தி ஒளிந்திருக்கும். அது இருந்தால் நீங்கள் நாலு வருடமும் கட்டுண்டவர். மற்றது, பங்கு எந்தக் கம்பனியில் என்பது. வெளிநாட்டுக் காசு எடுக்க நினைக்கிறவர்கள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் டெலவெயாரிலோ ஒரு தாய்க் கம்பனி பதிந்து, இங்கே இருப்பதை அதன் பிள்ளைக் கம்பனியாக வைப்பார்கள். வாடிக்கையாளரும் மென்பொருள் உரிமையும் தாய்க்கு, சம்பளப் பட்டியல் பிள்ளைக்கு. உங்கள் 1% கிளிநொச்சியில் இருக்கும் பிள்ளையில் என்றால், விற்பனை நாளில் காசு உங்கள் தலைக்கு மேலால் போய்விடும்.

வரியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வேலைக்காகக் கிடைக்கும் பங்கு கைக்கு வரும் நாளில் அதன் சந்தைப் பெறுமதி, நீங்கள் கட்டியதைக் கழித்து, உங்கள் சம்பள வருமானத்தோடு சேரும். விற்றுக் காசு பார்ப்பதற்கு முன்பே வரி வரலாம். சின்னக் கம்பனியில் பெறுமதி குறைவாக இருக்கும் காலத்தில் இது பெரிய தொகை இல்லை, ஆனாலும் அவர்களின் கணக்காளரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

இனி உழவு இயந்திரத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்திய எண் அந்த 38,000தான். 110,000இல் உங்கள் பக்கச் சேமலாப நிதி 8 வீதம், 8,800 போனால் கையில் 101,200. லீசிங் கட்டினால் 63,200. வீட்டில் இருந்துகொண்டு இது போதும், பட்டினி இல்லை. பங்கு பூச்சியம் ஆனாலும் நீங்கள் தாங்குவீர்கள், ஏனென்றால் அந்தக் காசை நீங்கள் பார்க்கவே இல்லை. தாங்க முடியாதது சம்பளம் மூன்று மாதம் தள்ளிப்போவது. லீசிங் கம்பனி உங்கள் ஸ்டார்ட்அப்பின் கதையைக் கேட்காது, உழவுக் காலத்தில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடும். அது போனால் அப்பாவின் ஒரு போகமும் போகும். 2009க்குப் பிறகு ஒன்றுமில்லாமல் தொடங்கிய வீடுகளில் சரிந்தால் பிடிக்க இரண்டாவது கொப்பு இல்லை. கொழும்புப் பிள்ளைக்கு எழுதும் ஆலோசனையை அப்படியே வன்னிக்கு எழுத முடியாதது இதனால்தான்.

ஆகவே பங்கைப் பற்றிக் கேட்கும் முன் கம்பனியின் வங்கிக் காசைப் பற்றிக் கேளுங்கள். கையிருப்பு எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு? ஒன்றை மற்றதால் பிரித்தால் எத்தனை மாதம் மூச்சு இருக்கிறது என்று தெரியும். 12 மாதத்துக்குக் குறைவு என்றால், லீசிங் கட்டும் ஒருவரை நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன். எண்ணைச் சொல்ல மறுத்தால் வேறு வழி இருக்கிறது, என் அனுபவத்தில் அது பொய் சொல்லாது. அங்கே ஏற்கனவே வேலை செய்யும் ஒருவரோடு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, சேமலாப நிதிக் காசு ஒழுங்காக விழுகிறதா என்று கேளுங்கள். ஒரேயோர் ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும், அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்கு முன் கட்ட வேண்டும். காசு நெருக்கும் முதலாளி சம்பளத்தை நிறுத்துவதற்கு முன்னால் நிறுத்துவது இதைத்தான். ஊழியர் அதை உடனே பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். என்னிடம் கடதாசி வேலைக்கு வந்து பின்பு மூடப்பட்ட கம்பனிகளில் நான் கண்ட ஒழுங்கு இது: முதலில் சேமலாப நிதி, பிறகு அலுவலக வாடகை, கடைசியில் சம்பளம். அங்கத்துவ இலக்கமே தரவில்லை என்றால் மேலே எழுதிய பங்குக் கணக்கு ஒன்றும் தேவையில்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கொழும்புக் கம்பனி நிலையானது என்று எல்லோரும் சொல்வார்கள். சம்பளம் வரும் திகதி நிலையானது, அது உண்மை. வங்கியில் கடன் கேட்கும்போது அந்தச் சம்பளச் சீட்டுக்கு மரியாதை உண்டு. ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி. 180,000இலேயே நின்றாலும் 450,000 வரும். பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்கு மேற்பட்ட இடத்துக்கே, அல்லது சரியாக 15 பேருள்ள இடத்துக்கே பொருந்தும், எட்டுப் பேர் உள்ள ஸ்டார்ட்அப்பில் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ரூபாய் நிலையானதில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதத்தில் 360 வரை போனதை நாங்கள் எல்லோரும் எரிபொருள் வரிசையில் நின்று பார்த்தோம். பெரிய இடத்துச் சம்பளச் சீட்டில் எண் மாறவில்லை, அதில் வாங்கக்கூடிய சாமான் பாதியானது. அந்த நேரத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் டொலர் எடுத்த சின்னக் கம்பனிகள் தலை தப்பின. ஆகவே இரண்டு இடத்திலும் வருமானம் ரூபாயிலா டொலரிலா என்று பாருங்கள். உள்ளூர்க் கடைகளுக்கு விற்கும் ஸ்டார்ட்அப் என்றால், அடுத்த நெருக்கடியில் அது கொழும்புக் கம்பனிக்கு முன்னால் விழும்.

என் அபிப்பிராயம் கேட்டால், பங்கைப் பூச்சியம் என்று வைத்து ஒருமுறை யோசியுங்கள். வீட்டில் இருந்து, எட்டுப் பேரில் ஒருவராக எல்லா வேலையும் பழகி, மாதம் 35,000 குறைவாக எடுப்பது உங்களுக்குச் சம்மதமா? இளம் பொறியியலாளருக்கு அது மோசமான பேரம் இல்லை என்றே எனக்குப் படுகிறது. சம்மதம் என்றால், 12 மாதக் காசும் ஒழுங்கான சேமலாப நிதியும் தாய்க் கம்பனியில் பங்கு என்ற உடன்படிக்கையும் இருக்கிற பட்சத்தில் போகலாம். இன்னொரு பேச்சும் பேசிப் பாருங்கள்: பங்கை 0.6 ஆகக் குறைத்துச் சம்பளத்தை 125,000 ஆக்க முடியுமா? பங்கில் உண்மையான நம்பிக்கை உள்ள முதலாளி இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார், ஏனென்றால் பங்கு அவருக்கு மிச்சம். “அதெல்லாம் பிறகு பார்ப்பம் தம்பி” என்று பங்கையும் சம்பளத்தையும் சேர்த்துத் தள்ளினால் கொழும்புக்கு ரயில் சீட்டுப் பதியுங்கள்.

கொழும்புக் கடிதத்துக்கு எந்தத் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டால் பெரிய இடங்களில் கொடுப்பார்கள். அந்த வாரத்துக்குள் ஸ்டார்ட்அப்பிடம் உடன்படிக்கை வரைவைக் கேளுங்கள். வந்தால் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், விலகினால் என்ன என்ற பந்தியை முதலில் பார்க்கிறேன்.